நெளி முடியில் கர்ட்டன் கட்: பழனி மொட்டையிலிருந்து நேர் வகிடு வரை

எங்கள் சலூன் பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் நடுவே, கோவை திருச்சி சாலையோரம் இருக்கிறது. "கர்ட்டன் கட் வேணுங்ண்ணா" என்று போனில் ஒரு படத்தை நீட்டும் தம்பிகள் இப்போதெல்லாம் வாரம் தவறாமல் வருகிறார்கள். நடுவில் வகிடு, இரண்டு பக்கமும் ஜன்னல் திரையை விலக்கிக் கட்டியது போல முன்முடி, அது கன்னத்து எலும்பில் வந்து முடியும். 1990களில் பெக்காமும் டிகாப்ரியோவும் வைத்திருந்தது இதுதான். இன்று கொரிய நடிகர்கள் வழியாக மறுபடி வந்திருக்கிறது. ஆனால் படத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் நேர் முடி. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு நெளி முடி. படத்தைப் பார்த்து அப்படியே வெட்டினால், வீட்டுக்குப் போய்த் தலை காய்ந்ததும் முன்முடி புருவத்துக்கு மேலே சுருண்டு நிற்கும்.

நெளி முடிக்கு இந்த வெட்டு பொருந்தாது என்று சிலர் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நேர் முடியில் இது தட்டையாகத் தொங்கும், வேரில் எழுப்பிவிட வேலை செய்ய வேண்டும். நெளி முடியில் அந்த எழுச்சி தானாகவே இருக்கிறது. வளர்க்கும்போதும் வெட்டும்போதும் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: நெளி முடியின் நீளத்தைக் காய்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும்.

ஏன் என்றால், முடி நனைந்ததும் அதற்குள் இருக்கும் சின்னச் சின்னப் பிணைப்புகள் விட்டுப்போய் அலை தளர்கிறது. தண்ணீரின் எடையும் சேர்ந்து முடியைக் கீழே இழுக்கிறது. காயும்போது அந்தப் பிணைப்புகள் திரும்பப் பிடிக்க, முடி தன் அலைக்கே திரும்பிச் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் கணக்கை வீட்டிலேயே எடுத்துவிடலாம். நெற்றி நடுவிலிருந்து ஒரு சின்னக் கற்றையை ஈரமாக இருக்கும்போது முகத்துக்கு நேரே கீழே சீவி, எங்கே முடிகிறது என்று பாருங்கள். தலை முழுக்கக் காய்ந்ததும் அதே கற்றையை, இழுக்காமல், மறுபடி பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு விரல் அகலமா, இரண்டு விரலா என்று தெரிந்துவிடும். சலூனில் உட்காரும்போது இதைச் சொல்லுங்கள். படத்தைவிட இது அதிகம் உதவும்.

வளர்க்கும் காலம்

என் அக்கா மகன் கதையைச் சொல்கிறேன். எந்த மாதத்தில் என்ன நடக்கும் என்று அதில் தெளிவாகத் தெரியும். தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடந்துபோய் மொட்டை போட்டு வந்தான். அடுத்த வருடம் பங்குனிக்குப் பிறகு வீட்டில் ஒரு கல்யாணம் இருந்தது. அதற்குள் கர்ட்டன் வேண்டும் என்றான். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒன்றேகால் வரை வளரும். முன்முடி காய்ந்த நிலையில் மூக்கு நுனியைத் தொட்டால்தான் வகிடு எடுத்து விலக்கும்போது கன்னத்தில் வந்து விழும். நெற்றி ஓரத்திலிருந்து மூக்கு நுனிக்குப் பதினொன்று, பன்னிரண்டு சென்டிமீட்டர் வரும். அவனுக்குச் சுருக்கம் இரண்டு விரலுக்குக் கொஞ்சம் குறைவு, ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர். ஆக, இழுத்துப் பிடித்தால் பதினான்கரை இருக்க வேண்டும். மொட்டையிலிருந்து ஒரு வருடக் கணக்கு. வெட்டி வடிவம் கொண்டுவர மிச்சம் வேண்டும் என்று இரண்டு மாதம் சேர்த்துப் பதினான்கு மாதம் என்று வைத்துக்கொண்டோம். நீங்கள் மொட்டையிலிருந்து தொடங்கவில்லை, மேலே ஏற்கெனவே ஐந்து சென்டிமீட்டர் இருக்கிறது என்றால் நாலு மாதத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

முதல் மூன்று மாதம் செய்ய ஒன்றுமில்லை. சித்திரையில் தலை முழுக்க ஒரே அளவில், பந்து மாதிரி இருந்தது. பிடரியையும் காதோரத்தையும் மட்டும் சுத்தம் செய்துவிட்டேன். இதுதான் வளர்க்கும் காலம் முழுவதற்குமான விதி. முன்முடியில் கத்தரி படக்கூடாது, பிடரியையும் பக்கத்தையும் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை அடக்கிவைக்க வேண்டும். எல்லா முடியும் ஒரே வேகத்தில் வளர்வதால், பின்பக்கத்தை விட்டுவிட்டால் முன்முடி கன்னத்தை எட்டுவதற்குள் பின்னால் சட்டைக் காலரைத் தாண்டி வால் தொங்கும். வீட்டுப் பெரியவர்கள் "காடு மாதிரி வளர்த்துக்கிட்டு" என்று சத்தம் போடுவது பெரும்பாலும் அந்தப் பிடரியைப் பார்த்துத்தான். அது சுத்தமாக இருந்தால் முன்னால் எவ்வளவு இருந்தாலும் அவ்வளவாகக் கண்ணில் படாது.

ஆடி மாதம் ஏழு சென்டிமீட்டர் ஆனது. அலை தெரிய ஆரம்பிப்பது இங்கேதான். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் இறக்கை முளைத்தது போல முடி வெளியே தள்ளும். நிறையப் பேர் இந்த இடத்தில் வேறு கடைக்குப் போய், "பக்கம் மட்டும் மெஷின் போட்டுருங்க" என்று ஜீரோவோ ஒன்றோ அடித்துக்கொண்டு வருகிறார்கள். அங்கேதான் ஆறு மாத உழைப்பு வீணாகிறது. நெளி முடி மேலே அகலமாக உப்பும். கீழே ஒட்டச் சிரைத்தால் மேல்முடி காளான் குடை போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், திரை விழுவதற்குத் தாங்கல் இருக்காது. அக்கா மகனுக்குப் பக்கத்தை மெஷின் இல்லாமல், சீப்பில் ஏற்றிக் கத்தரியாலேயே நாலு சென்டிமீட்டருக்குக் குறைத்தேன். கிருதா நுனியிலும் பிடரி ஓரத்திலும் மட்டும் விரல் அகலத்துக்கு மெஷினால் மெல்ல இறக்கிவிட்டேன். இறக்கை அடங்கிவிட்டது.

"ஏனுங் மாமா, இப்பவே வகிடு எடுத்துரலாமுங்களா?" என்றான். பொறு கண்ணு என்றேன். ஏழு சென்டிமீட்டர் முடிக்கு எடை கிடையாது. இரண்டாக வகுத்தாலும் மேலே எழுந்து, இரண்டு கொம்பு மாதிரி நிற்கும். அடுத்த இரண்டு மாதமும் பின்னோக்கியோ ஒரு பக்கமாகவோ சீவிக்கொள்வது நல்லது.

ஐப்பசியில் பதினொன்று. காய்ந்தால் எட்டரை. கண்ணுக்குள் குத்தும் நீளம் இதுதான். தீபாவளிக்கு முன்னால் பாதிப் பேர் மனம் மாறி வெட்டிக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான், அது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும். இன்னும் மூன்று மாதம் பொறுத்தால் கிடைத்துவிடும். வகிடு எடுத்துப் பழக்க ஆரம்பிக்க வேண்டிய நேரமும் இதுவே. வண்டியில் போகும்போது முன்முடியைப் பின்னால் தள்ளி, ஒரு பருத்திக் கைக்குட்டையைக் கட்டி, அதன் மேல் ஹெல்மெட் போடச் சொன்னேன். ஹெல்மெட் முன்முடியை நெற்றியோடு அழுத்தி, வியர்வையில் நனைத்து, அதே வடிவில் காயவைத்துவிடும். இறங்கியபின் எவ்வளவு சீவினாலும் வகிடு நிற்காது.

வகிடு எங்கே எடுப்பது

மூக்குக்கு நேர் கோடு போட்டு நடுவில் எடுப்பதுதான் கர்ட்டன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முடிக்கு அதன் சொந்த விருப்பம் உண்டு. ஈரத்தலையை முழுதும் பின்னோக்கிச் சீவுங்கள். பிறகு உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து மெல்ல முன்பக்கம் தள்ளுங்கள். முன்னால் முடி எந்த இடத்தில் தானாகப் பிளக்கிறதோ அதுதான் உங்கள் வகிடு. மூன்று நாள், தலை குளித்ததும் இதே போலப் பாருங்கள். நடுவிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிளந்தால் அங்கேயே எடுங்கள். பார்ப்பவர் கண்ணுக்கு நடுவகிடாகத்தான் தெரியும், நாள் முழுக்க நிற்கவும் செய்யும்.

நெற்றி ஓரத்திலேயே சுழி இருப்பவர்களுக்குக் கொஞ்சம் சிரமம். சுழி முடியை ஒரு பக்கமாகத் தள்ளும். அந்த இடத்து முடியை மற்றதைவிட இரண்டு சென்டிமீட்டர் நீளமாக விட்டு, எடையால் அமர்த்தலாம். சுழி சரியாக வகிட்டுக் கோட்டின் மேலேயே இருந்து, நீளம் வந்தபிறகும் முடி மேல்நோக்கி எழுந்தால், இந்த வெட்டு தினமும் உங்களோடு சண்டை போடும். அப்போது கோணல் வகிடு எடுத்து, அதே திரையை ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் விடுவது அழகாக இருக்கும். நான் வருகிறவர்களிடம் முதலிலேயே இதைச் சொல்லிவிடுவேன்.

வெட்டும் நாள்

அன்று தலைக்கு எண்ணெய் வேண்டாம், ஜெல் வேண்டாம். காலையில் குளித்து, காற்றில் காயவிட்டு, தினமும் எப்படி விடுகிறீர்களோ அப்படியே சலூனுக்கு வாருங்கள். நெளி எங்கே விழுகிறது என்று வெட்டுபவர் பார்க்க வேண்டும். உட்கார்ந்ததும் வழக்கப்படி தண்ணீர் அடிக்க ஆரம்பித்தால், "பக்கமும் பின்னாலும் நனைச்சுக்கோங்கண்ணா, முன்முடிய மட்டும் காஞ்சபடியே வெட்டுங்க" என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்ளலாம்.

நான் செய்யும் வரிசை இது. முதலில் வகிட்டை உச்சி வரை எடுப்பேன். இரண்டு புருவத்தின் வெளி ஓரத்துக்கு நேர் மேலே தொடங்கி, உச்சிச் சுழி வரை குதிரை லாட வடிவில் மேல்முடியைப் பிரித்துக் கிளிப் போட்டுவிடுவேன். அதற்குக் கீழே இருப்பது பக்கமும் பின்பக்கமும். அதைக் கத்தரியும் சீப்புமாக, காதுக்கு மேல் ஐந்து ஆறு சென்டிமீட்டர் இருக்கும்படி வைத்து, கீழே போகப்போகக் குறைத்துக்கொண்டு வருவேன். திரை விழும்போது இந்த முடிதான் அடியில் நின்று அதைத் தாங்கும்.

அப்புறம் முன்முடி. வகிட்டின் இருபுறமும் ஒவ்வொரு விரல் அகலம் எடுத்து, காய்ந்த நிலையில் முகத்துக்கு நேரே கீழே விடுவேன். பெரிய பல் சீப்பால் ஒருமுறை சீவுவதோடு சரி, இழுக்கக்கூடாது. விரல் இடுக்கில் இறுக்கிப் பிடித்து வெட்டினால், விட்டதும் ஒரு சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும். மூக்கு நுனிக்குச் சற்றுக் கீழே குறித்து, கத்தரியைக் கீழிருந்து மேலாகச் செங்குத்தாகப் பிடித்து, நுனியைக் கொத்திக் கொத்தி எடுப்பேன். குறுக்கே ஒரே வெட்டாக வெட்டினால் கோடு விழும். நெளி முடியில் அந்தக் கோடு படிக்கட்டு மாதிரி தெரியும்.

திரையின் வளைவு வருவது அடுத்த வேலையில்தான். இடது பக்கத்து முன்முடி முழுவதையும் மூக்குக்கு நேராக நடுவுக்குக் கொண்டுவந்து, முதலில் வெட்டிய நடுக்கற்றை நீளத்துக்கு ஒப்பாகக் கொத்துவேன். காதோரத்திலிருந்து வரும் முடி நடுவுக்கு வர அதிக தூரம் கடக்க வேண்டும் அல்லவா, ஆகவே அது தன் இடத்துக்குத் திரும்பும்போது தானாகவே நீளமாக இருக்கும். நடுவில் குட்டை, ஓரத்தில் நீளம் என்ற சரிவு இப்படித்தான் வருகிறது. வலது பக்கமும் அதே. சரிவை அந்தந்த இடத்தில் தொங்கவிட்டுக் கண்ணளவில் சாய்த்து வெட்டுபவர்களும் உண்டு. அதில் இரண்டு பக்கமும் ஒத்துவருவது கஷ்டம்.

அக்கா மகனுக்குப் பங்குனியில் வெட்டியபோது காய்ந்த முன்முடி உதட்டுக்குக் கீழே வந்திருந்தது. முதல் சுற்றில் ஒரு சென்டிமீட்டர்தான் எடுத்தேன். தலையைக் குனிந்து உதறச் சொல்லி, நிமிர்ந்ததும் விரலால் வகிட்டைப் பிரித்துப் பார்த்தேன். வலது பக்கம் கன்னத்து எலும்பில் நின்றது, இடது பக்கம் அரை விரல் கீழே தொங்கியது. அவனுக்கு வலப்பக்க அலை கொஞ்சம் இறுக்கம், அதுதான் காரணம். இரண்டையும் சீப்பில் அளந்து சமமாக்கினால் கண்ணாடியில் கோணலாகத் தெரியும். ஆகவே கண்ணாடியைப் பார்த்து, காய்ந்து விழும் இடத்தைச் சமமாக்கினேன். இடது பக்கம் இன்னும் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கொத்தியதும் இரண்டும் ஒரே உயரத்தில் வந்து நின்றன.

அடர்த்தியான முடி என்றால் "கொஞ்சம் மெல்லிசு பண்ணி விடுங்க" என்று கேட்பார்கள். பல் கத்தரி வேருக்கு அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது உள்ளே விட்டுப்போகும் குட்டை முடிகள் இரண்டு வாரத்தில் மேல்முடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். வெட்டிய அன்று அழகாக இருந்த தலை பதினைந்தாம் நாள் பஞ்சுப் பொதியாவது இதனால்தான். எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் கடைசி மூன்று விரல் நீளத்துக்குள் குறைத்தால் போதும்.

வீட்டில் தினமும்

கொங்குப் பக்கத்தில் பாதி வீடுகளில் இரண்டு குழாய். ஒன்றில் நல்ல தண்ணீர், மற்றதில் சப்பைத் தண்ணீர் என்று நாங்கள் சொல்லும் போர் தண்ணீர். அந்தப் போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து முடியில் வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்ளும். முடி சொரசொரப்பாகி, அலைகள் ஒன்றோடொன்று சேராமல் பிரிந்து பறக்கும். தலைக்குச் சோப்பு போடுவதை நிறுத்துங்கள். ஷாம்பு வாரத்துக்கு இரண்டு முறை போதும். சந்தையில் கிடைக்கும் அரப்பு நம் ஊர் நெளி முடிக்கு அருமையான பொருள், அழுக்கையும் எடுக்கும், வழவழப்பையும் விடும். தண்ணீர் பஞ்சம் என்றாலும் கடைசி இரண்டு சொம்பு மட்டும் நல்ல தண்ணீரில் ஊற்றுங்கள்.

தேங்காய் எண்ணெய் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் தேய்ப்பது நல்லது, அது முடிக்குள் இறங்கி அதன் சத்தைக் காக்கும். குளித்தபின் தேய்ப்பதானால் மூன்று சொட்டு, அதுவும் நுனிக்கு மட்டும். வேரில் பட்டால் திரை நெற்றியில் ஒட்டிக்கொள்ளும்.

தலை சொட்டச் சொட்ட இருக்கும்போதே வகிடு எடுத்துவிடுங்கள். முன்பே சொன்ன அந்தப் பிணைப்புகள் காயும்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில்தான் பிடிக்கும். ஈரிழைத் துண்டால் பிழிந்து எடுங்கள், பரபரவென்று துவட்டாதீர்கள். பெரிய பல் சீப்பால் ஒருமுறை சீவி, வகிட்டின் இருபுறமும் விரலால் வேரைக் கொஞ்சம் மேலே தூக்கி, பின்பக்கமாகச் சாய்த்து விடுங்கள். பிறகு முக்கால் மணி நேரம் கை வைக்காமல் இருப்பதுதான் பெரிய வேலை. பாதி காய்ந்ததும் சீப்பை எடுத்தால் அலை உடைந்து பஞ்சாகிவிடும். காய்ந்தபின் விரல் மட்டும் போதும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் எந்த வகிடும் நிற்காது. அந்த இரண்டு மாதமும் வெளியே போகும்போது கொஞ்சம் கிரீமை உள்ளங்கையில் தேய்த்து நுனியில் பூசிக்கொள்ளுங்கள். கலைந்தாலும் விரலால் பிரித்ததும் திரும்ப விழும்.

பிடரியும் பக்கமும் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை வழக்கம் போலவே. முன்முடிக்கு மட்டும் நாள் கணக்கு வேண்டாம். காய்ந்த நிலையில் நடுக்கற்றை மேல் உதட்டைத் தொட ஆரம்பித்ததும் வந்து உட்காருங்கள், ஒரு விரல் அகலத்துக்கு மேல் எடுக்கத் தேவைப்படாது.